அடி ஒண்ணா இருந்தா அடுக்கைக் கூட்டு

  கொஞ்சம் நீளமான பதிவு இது. உங்களில் பலரிடம் நான் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அது கடைசியில் வரும். அதுவரை பொறுமையாகப் படியுங்கள். கணக்கு வரும், பயப்பட வேண்டாம்.

போன மாதம் என் தம்பி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள்தான். வீட்டில் "அத்தை", பள்ளிக்கூடத்தில் "டீச்சர்" என்று இரண்டு விதமாகக் கூப்பிட்டுப் பழகியவள். அவளுடைய பெண் இப்போது பதினோராம் வகுப்பு, கணக்கு எடுத்திருக்கிறாள். வந்ததிலிருந்து பிள்ளை முகமே சரியில்லை. "குரூப் மாத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா அத்தை. நீங்களாச்சும் என்னன்னு கேளுங்க" என்றாள் தம்பி மகள்.

பேத்தி விடைத்தாளைக் காட்டினாள். ஐந்து மதிப்பெண் கணக்கு. பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாள். மேலிருந்து கீழே ஒரே சிவப்புக் கோடு, பக்கத்தில் பூஜ்யம். எந்த வரியில் தப்பு என்று எதுவும் இல்லை. அறுபது எழுபது தாள் திருத்துகிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது, எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளை கேட்டாள்: "ஏழு வரி எழுதியிருக்கேன் பாட்டி. ஏழும் தப்பா?"

நியாயமான கேள்வி. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தவள். மடக்கை, அதாவது நீங்கள் லாக் என்று சொல்வது, நான் நடத்திய பாடம் இல்லை, படித்த பாடம். ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அவள் எழுதியிருந்தது இது:

(1) 2ˣ⁺³ + 2ˣ = 72
(2) log 2ˣ⁺³ + log 2ˣ = log 72
(3) (x + 3) log 2 + x log 2 = log 72
(4) (2x + 3) log 2 = log 72
(5) 2x + 3 = log 72 / log 2
(6) 2x + 3 = 36
(7) x = 16.5

முதலில் சரியான விடையைப் பார்த்துவிடுவோம். 2ˣ⁺³ என்பது 2ˣ × 2³, அதாவது எட்டு 2ˣ. அதோடு இன்னொரு 2ˣ. எட்டுக் கூடைத் தேங்காயும் ஒரு கூடைத் தேங்காயும் ஒன்பது கூடை. 9 × 2ˣ = 72, எனவே 2ˣ = 8, x = 3. இந்தக் கணக்குக்கு லாக்கே தேவையில்லை.

ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் போனால் பேத்தியின் கேள்விக்குப் பதில் ஆகாது. அவள் ஏழு வரியில் எது தப்பு என்று கேட்டாள். அதனால் ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு கேள்வி போடச் சொன்னேன்: "மேல் வரியிலிருந்து கீழ் வரிக்குப் போக எந்த விதி அனுமதி கொடுத்தது?" விதியின் பெயரை எழுத முடிந்தால் எழுது. முடியாவிட்டால் அங்கே சுழி போடு.

அதோடு இன்னொரு சோதனை. சரியான விடை 3 என்று நமக்குத் தெரியும். அதை ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பார்த்தால், எந்த வரியில் இடதும் வலதும் முதன்முதலாகப் பிரிகிறதோ, அதற்கு முந்தின அடியில்தான் சறுக்கல்.

முதல் வரி: 64 + 8 = 72. சரி.

இரண்டாம் வரி: log 64 + log 8 என்பது 1.8062 + 0.9031 = 2.7093. வலது பக்கம் log 72 = 1.8573. பிரிந்துவிட்டது!

ஆக, எழுத ஆரம்பித்த இரண்டாவது வரியிலேயே வண்டி தடம் புரண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் லாக் எடுப்பது தப்பில்லை. ஆனால் எடுத்தால் இடது பக்கம் முழுவதுக்கும் சேர்த்து log(2ˣ⁺³ + 2ˣ) என்று எடுக்க வேண்டும். இவள் கூட்டலின் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு லாக் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் "லாக்கைப் பங்கு போட்டது" என்று எழுதினேன். தப்புக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அடுத்த முறை அது வரும்போதே அடையாளம் தெரியும்.

மூன்று, நான்கு, ஐந்தாம் வரிகளுக்கு வந்தோம். அடுக்கு லாக்குக்கு முன்னால் பெருக்கலாக வரும் என்பது விதி. மூன்றாம் வரி சரி. பொதுவாக உள்ள log 2-ஐ வெளியே எடுத்தது சரி. log 2-ஆல் இரண்டு பக்கத்தையும் வகுத்தது சரி. நடுவில் மூன்று அடிகள் ஒழுங்காக வைத்திருக்கிறாள். தப்பான சாலையில் ஒழுங்காக நடந்திருக்கிறாள், அவ்வளவுதான். மூன்றுக்கும் டிக் போட்டேன். பிள்ளை முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

ஐந்திலிருந்து ஆறுக்குப் போன அடியில் பென்சில் மறுபடி நின்றது. log 72 / log 2 எப்படி 36 ஆனது? "மேலயும் லாக், கீழயும் லாக். வெட்டிட்டேன் பாட்டி."

இங்கே 3-ஐப் போட்டுப் பார்க்கும் சோதனை உதவாது. ஏனென்றால் இரண்டாம் வரியிலேயே 3 வெளியேறிவிட்டது. இந்த அடியைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். log 72 / log 2 என்றால் 1.8573 / 0.3010, கிட்டத்தட்ட 6.17. கால்குலேட்டர் இல்லாமலும் சொல்லலாம்: இரண்டை எத்தனை முறை தன்னாலேயே பெருக்கினால் 72 வரும் என்பதுதான் கேள்வி. 2⁶ = 64, 2⁷ = 128. எனவே ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். 36 எங்கே, 6 எங்கே?

log என்பது 72-உடன் பெருக்கி வைத்த எண் இல்லை, வெட்டுவதற்கு. 72-ஐ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளை அது. வர்க்கமூலக் குறி மாதிரி. √36 / √4 என்று இருந்தால் மூலக் குறியை மேலும் கீழும் வெட்டிவிட்டு 9 என்பாயா? 6 / 2 = 3 அல்லவா? இதைச் சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தப்புக்கு "கட்டளையை வெட்டியது" என்று பெயர் வைத்தோம்.

ஏழாம் வரி, ஆறாம் வரியிலிருந்து ஒழுங்காகவே வந்திருக்கிறது. ஆக, வரியிலிருந்து வரிக்குப் போன ஆறு அடிகளில் நான்கு சரி, இரண்டு தப்பு. கடைசியில் வந்த 16.5-ஐ முதல் வரியில் ஒரு நிமிடம் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். 2¹⁶ மட்டுமே 65,536. அது எப்படி 72-க்குள் அடங்கும்?

இத்தோடு முடிந்தது என்று எழுந்தேன். பிள்ளை விடவில்லை.

"பாட்டி, லாக்கைப் பங்கு போடக் கூடாதுன்னு நீங்க சொல்றீங்க. ஆனா நான் சும்மா போடல. அன்னைக்கே கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்துட்டுத்தான் போட்டேன். சரியா வந்துச்சே!"

போடு பார்ப்போம் என்றேன். போட்டாள். log(2 + 2) = 0.6021. log 2 + log 2 = 0.6021. இரண்டும் ஒன்று!

ஒரு நிமிடம் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் புரிந்தது. log 2 + log 2 என்பது log(2 × 2). இரண்டும் இரண்டும் கூட்டினாலும் நான்கு, பெருக்கினாலும் நான்கு. பிள்ளை சோதித்துப் பார்க்கத்தான் செய்திருக்கிறாள். சோதிக்க எடுத்த எண்தான் ஏமாற்றிவிட்டது. முழு எண்களில் பூஜ்யத்தைத் தள்ளிவிட்டால் இப்படிக் கூட்டலும் பெருக்கலும் ஒன்றாகும் ஜோடி 2, 2 மட்டும்தான். அது அவள் கையில் வந்து மாட்டியிருக்கிறது. மூன்று எண்கள் எடுத்தால் 1, 2, 3 இதே வேலையைச் செய்யும். கூட்டினாலும் 6, பெருக்கினாலும் 6. அதனால் log(1 + 2 + 3) என்பதும் log 1 + log 2 + log 3 என்பதும் சமமாகவே வரும்.

"10-ம் 100-ம் போட்டுப் பாரு" என்றேன். log 10 + log 100 = 1 + 2 = 3. log 110 = 2.0414. விதி உடைந்தது. ஒரு விதியை எண் போட்டுச் சோதிக்கும்போது, ஒரே ஒரு இடத்தில் பொய்த்தாலும் அந்த விதி செத்தது. ஒரு இடத்தில் சரியாக வந்தது என்பதற்காக அது பிழைத்தது என்று சொல்ல முடியாது. அதனால் 0, 1, 2 இவற்றை வைத்துச் சோதிக்காதீர்கள். இரண்டு வெவ்வேறு, கொஞ்சம் பெரிய எண்களை எடுங்கள்.

எங்கள் காலத்துப் பிள்ளைகள் இந்தத் தப்பை அவ்வளவாகச் செய்ததில்லை. நாங்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் இல்லை. லாக் டேபிளைக் கையில் வைத்திருந்தோம். 347-ஐ 28.6-ஆல் பெருக்க வேண்டுமா? டேபிளைத் திறந்து 2.5403, 1.4564 என்று இரண்டு லாக்கைப் பார்ப்போம். கூட்டினால் 3.9967. ஆன்டிலாக் பக்கத்தைத் திருப்பினால் 9924. பெருக்கலுக்குப் பதிலாக ஒரு கூட்டல். 1614-இல் ஜான் நேப்பியர் லாக்கைக் கொண்டுவந்ததே இந்த வேலையைக் குறைக்கத்தான். 347-ஐயும் 28.6-ஐயும் கூட்டுவதற்கு யாராவது லாக் டேபிளைத் திறப்பார்களா? பெருக்கலைக் கூட்டலாக்கித் தருவது லாக். கூட்டலுக்கு அதனிடம் விதி இல்லை. இது எங்களுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரிந்திருந்தது.

இப்போது அந்த மன்னிப்புக்கு வருகிறேன்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் ஓரத்தில் பென்சிலில் எழுதி அடித்திருந்த ஒரு வரி கண்ணில் பட்டது:

2ˣ⁺³ + 2ˣ = 2²ˣ⁺³

முதலில் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறாள். 72 எப்படி இரண்டின் அடுக்காகும் என்று தெரியாமல் அடித்துவிட்டு லாக்குக்குப் போயிருக்கிறாள். ஆனால் நான்காம் வரியைப் பாருங்கள், (2x + 3) log 2. அது இந்த அடித்த வரியின் லாக்தான்! இரண்டு வழியில் போய் ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். இரண்டிலும் நடுவில் இருந்த கூட்டல் குறியைப் பெருக்கல் குறியாகப் பார்த்திருக்கிறாள்.

"இது யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"அம்மாதான். எட்டாவதுல சொல்லிக்கொடுத்தாங்க. அடி ஒண்ணா இருந்தா அடுக்கைக் கூட்டு."

அடுப்படியிலிருந்து தம்பி மகள் சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தாள்: "நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் அத்தை! வகுப்பே சேர்ந்து கத்துவோமே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பறை அப்படியே கண்முன்னால் வந்து நின்றது. ஆமாம், கத்தச் சொன்னேன். மேசையில் பிரம்பைத் தட்டித் தாளம் போட்டுக் கத்தச் சொன்னேன். உங்களில் எத்தனை பேர் கத்தினீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பாட்டில் "பெருக்கும்போது" என்ற சொல் இல்லை. தாளத்துக்கு இடிக்கிறது என்று நான்தான் விட்டுவிட்டேன். அது மட்டுமில்லை. யோசித்துப் பார்த்தால், நான் பலகையில் போட்ட கணக்கெல்லாம் 2³ × 2⁴, 5² × 5⁶ என்றுதான் இருக்கும். அத்தனையிலும் நடுவில் பெருக்கல் குறி. 2³ + 2⁴ எவ்வளவு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதி வகுப்பு 2⁷ என்று சொல்லியிருக்கும். 8-ம் 16-ம் 24. 2⁷ 128 என்று அங்கேயே உடைத்துக் காட்டியிருக்கலாம். நடுவில் உள்ள குறியைப் பார்க்க வேண்டிய அவசியமே பிள்ளைகளுக்கு வரவில்லை. எல்லாக் கணக்கும் சரியாக வந்ததால், எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன். 2-ஐயும் 2-ஐயும் போட்டுப் பார்த்து நம்பிய பிள்ளைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பிராயச்சித்தமாக அவளை ஒரு வாரம் என்னோடு உட்கார வைத்துக்கொண்டேன். அடுத்து பார்த்த கணக்கு log₂ x + log₂ (x − 2) = 3. இங்கே இரண்டு லாக்கின் கூட்டல், எனவே சேர்க்க விதி உண்டு. x(x − 2) = 8 என்று எழுதி, x² − 2x − 8 = 0, காரணிப்படுத்தி x = 4, x = −2 என்று முடித்தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விதியின் பெயர். ஆனாலும் −2 தப்பு. அதை முதல் வரியில் போட்டால் log₂ (−2). இரண்டை எத்தனை அடுக்குக்கு உயர்த்தினாலும் மைனஸ் வராது. அப்படி ஒரு லாக் கிடையாது. அடுத்த வரியில் (−2) × (−4) = 8 என்று இரண்டு மைனஸும் சேர்ந்து ப்ளஸ் ஆகி வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. கணக்கை ஆரம்பிக்கும்போதே பக்கத்தில் "x > 2" என்று எழுதி வைத்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருக்கலாம். "வேடம் போட்டு வந்த விடை" என்று பெயர் வைத்தோம்.

கடைசி நாள் நானே ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். log(x²) = 4. அடுக்கை முன்னால் கொண்டுவந்தால் 2 log x = 4. log x = 2. x = 100. முடிந்தது என்று பேனாவை மூடினேன்.

பேத்தி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாட்டி, −100 போட்டா?"

போட்டுப் பார்த்தேன். (−100)² = 10,000. log 10,000 = 4. அதுவும் விடைதான்! நான் தொலைத்துவிட்டேன். log(x²) என்று இருக்கும்போது x மைனஸாக இருக்கலாம், வர்க்கம் அதைப் ப்ளஸ் ஆக்கிவிடும். 2 log x என்று எழுதிய உடனே மைனஸுக்குக் கதவை மூடிவிட்டேன். x ப்ளஸ் என்று கணக்கிலேயே சொல்லியிருந்தால்தான் அந்த விதியை அப்படியே போடலாம்.

லாக்கைச் சேர்த்தபோது வேண்டாத விடை உள்ளே வந்தது. லாக்கை உடைத்தபோது வேண்டிய விடை வெளியே போனது. உள்ளே வந்ததை முதல் வரியில் போட்டுப் பார்த்துப் பிடித்துவிடலாம். வெளியே போனதை எதைப் போட்டுப் பிடிப்பது? அது தாளிலேயே இல்லையே. வரிக்கும் வரிக்கும் நடுவில் பார்த்தால் மட்டும்தான் கிடைக்கும். பிள்ளை அங்கே பார்த்திருக்கிறாள்.

இந்தத் தப்புக்கு அவளே பெயர் எழுதினாள்: "பாட்டி தொலைத்த விடை."

குரூப் மாற்றும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். 3ˣ⁺² − 3ˣ = 216. ஒன்பது கூடையில் ஒரு கூடை போனால் எட்டுக் கூடை, 8 × 3ˣ = 216, 3ˣ = 27, x = 3. கீழே விடையை முதல் வரியில் போட்டுச் சரிபார்த்திருந்தாள்: 243 − 27 = 216. லாக்கே இல்லை.

என்னிடம் படித்த பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தால் தயவுசெய்து இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: அடி ஒண்ணா இருந்து, நடுவுல பெருக்கல் இருந்தா, அடுக்கைக் கூட்டு. தாளம் கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும். இடிக்கட்டும். அந்த இடத்தில் பிள்ளை ஒரு நொடி நின்று குறியைப் பார்க்கும்.

அன்று வகுப்பில் விட்டுப்போன கேள்வியை இன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 2³ + 2⁴ எவ்வளவு என்று கேட்டுவிட்டு, என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள்.

உங்கள் டீச்சர்